P-V வரைபில் முதலாம் விதி: மூன்று மாற்றங்களையும் ஒரே சுற்றில் போட்டுப் பார்ப்போம்

ஹட்டன் பக்கம் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வெப்பவியக்கவியலின் முதலாம் விதி தெரியாமல் இல்லை. கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்:

ΔQ = ΔU + ΔW

ஆனால் ஒரு P-V வரைபைக் கொடுத்து, அதில் ஒரு கிடைக்கோடும் இரண்டு வளையிகளும் இருந்தால், எங்கே தொடங்குவது என்று கை நின்றுவிடும். பலர் வெப்பத்திலிருந்து தொடங்குவார்கள். சிக்கலே அங்கேதான். வெப்பத்தை வரைபில் நேரே பார்க்க முடியாது. அகச்சக்தியையும் வேலையையும் பார்க்க முடியும். அதனால் நான் எப்போதும் ஒரே ஒழுங்கைத்தான் சொல்லிக் கொடுப்பேன்: முதலில் மூலைகள், அடுத்து அகச்சக்தி, அப்புறம் வேலை, கடைசியில் வெப்பம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கணக்கை எடுத்து இந்த ஒழுங்கில் முழுவதுமாகச் செய்வோம். சமவெப்பம், சேறலிலி, மாறா அமுக்கம் மூன்றும் அதில் வரும். கணிப்பான் தேவைப்படாதபடி எண்களைத் தெரிந்தெடுத்திருக்கிறேன்.

தாளின் மேல் மூலையில் குறிகளை எழுதுங்கள்

எங்கள் பாடத்திட்டத்தில் ΔQ என்பது வாயுவுக்குள் போன வெப்பம், ΔU என்பது வாயுவின் அகச்சக்தியில் ஏற்பட்ட கூட்டம், ΔW என்பது வாயு வெளியே செய்த வேலை. வாயு விரிந்தால் ΔW நேர், நெருக்கப்பட்டால் மறை. வெப்பம் வெளியே போனால் ΔQ மறை. வேறு சில நூல்களில் வாயுவின்மீது செய்யப்பட்ட வேலையை W என்று எடுத்து ΔU = Q + W என்று எழுதியிருப்பார்கள். அதுவும் சரிதான். ஆனால் ஒரே கணக்கில் இரண்டையும் கலந்தால் எல்லாக் குறிகளும் குழம்பிப் போகும். ஆகவே கணக்கைத் தொடங்கும் முன் «விரிந்தால் W நேர்» என்று தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நமது கணக்கு

ஓர் உருளைக்குள், உராய்வில்லாமல் அசையும் முசலத்தின் கீழ், கொஞ்சம் ஈலியம் வாயு இருக்கிறது. ஈலியம் ஓரணு வாயு; அதை இலட்சிய வாயுவாக எடுத்துக்கொள்வோம். தொடக்க நிலை A-இல் அமுக்கம் 8 × 10^5 Pa, கனவளவு 1 லீற்றர், வெப்பநிலை 300 K.

முதலில் அமுக்கம் மாறாமல் வாயுவைச் சூடாக்கி 4 லீற்றருக்கு விரியவிடுகிறோம். அந்த இடம் B. பிறகு உருளையை வெப்பம் புகாத உறையால் மூடி, வாயுவைச் சேறலிலியாக 32 லீற்றர் வரை விரியவிடுகிறோம். அது C. கடைசியில் உறையைக் கழற்றிவிட்டு, 300 K-இல் வைத்த பெரிய தொட்டிக்குள் உருளையை இறக்கி, மெதுவாக, சமவெப்பமாக நெருக்கி A-க்கே திரும்பக் கொண்டுவருகிறோம்.

ஒவ்வொரு படியிலும் ΔQ, ΔU, ΔW என்ன என்பதுதான் கேள்வி.

மூலைகளை முதலில் முடியுங்கள்

கோடுகளைப் பற்றி யோசிக்காதீர்கள். A, B, C மூன்று புள்ளிகளிலும் P, V, T என்னவென்று முழுதாகக் கண்டுபிடித்த பிறகுதான் மற்றதெல்லாம். இங்கே என் கை எப்போதும் போவது PV என்ற பெருக்கத்துக்குத்தான். PV = nRT என்பதால், வாயுவின் அளவு மாறாதவரை PV கூடினால் வெப்பநிலை கூடியிருக்கிறது, PV குறைந்தால் வெப்பநிலை குறைந்திருக்கிறது. மூல் எண்ணிக்கையைக்கூடத் தேட வேண்டியதில்லை.

அலகில் ஒரு சின்ன வசதி உண்டு. 10^5 Pa-ஐ 1 லீற்றரால், அதாவது 10^-3 m³-ஆல் பெருக்கினால் 100 யூல். இதை மனதில் வைத்தால் பத்தின் அடுக்குகளில் தடுமாற வேண்டாம்.

A-இல் PV = 8 × 1 × 100 = 800 J. வெப்பநிலை 300 K.

B-இல் PV = 8 × 4 × 100 = 3200 J. நான்கு மடங்கு. எனவே வெப்பநிலையும் நான்கு மடங்கு, 1200 K.

C-க்கு சேறலிலிச் சமன்பாடு வேண்டும். ஓரணு வாயுவுக்கு γ = 5/3. PV^γ மாறிலி. B-இலிருந்து C-க்குக் கனவளவு 4-இலிருந்து 32 லீற்றர், அதாவது 8 மடங்கு. 8-இன் கனமூலம் 2, 2-இன் ஐந்தாம் அடுக்கு 32. ஆகவே அமுக்கம் 32-இல் ஒரு பங்காகும்: 8 ÷ 32 = 0.25, அதாவது 0.25 × 10^5 Pa. அங்கே PV = 0.25 × 32 × 100 = 800 J.

இந்த 800-ஐக் கண்டவுடன் நின்று பாருங்கள். A-இலும் 800, C-இலும் 800. அப்படியானால் C-இன் வெப்பநிலை 300 K. A-உம் C-உம் ஒரே சமவெப்ப வளையியில் இருக்கின்றன. கணக்கில் «C-இலிருந்து A-க்குச் சமவெப்பமாக» என்று சொன்னது இதனால்தான் முடிகிறது. உங்கள் கணக்கில் இந்த இரண்டு பெருக்கங்களும் ஒத்துவரவில்லையென்றால், மேலே போகாதீர்கள். γ-ஐப் பிழையாக எடுத்திருப்பீர்கள், அல்லது கனவளவு விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருப்பீர்கள்.

அகச்சக்தி: பாதையைப் பார்க்காதீர்கள்

இலட்சிய வாயு ஒன்றின் அகச்சக்தி வெப்பநிலையில் மட்டுமே தங்கியிருக்கும். ஓரணு வாயுவுக்கு U = (3/2)nRT, அதாவது U = (3/2)PV. வாயு எந்தப் பாதையால் வந்தது என்பது U-க்குத் தெரியாது. ஆகவே மூலைகளில் கண்ட PV பெருக்கங்களே போதும்.

A → B: ΔU = (3/2)(3200 − 800) = 3600 J
B → C: ΔU = (3/2)(800 − 3200) = −3600 J
C → A: ΔU = 0

மூன்றையும் கூட்டினால் பூச்சியம். சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நின்றால் இப்படித்தான் வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ கழித்தலில் பிழை.

மாறா அமுக்கப் படியில் ஒரு பொறி இருக்கிறது. இதில் நிறையப் பேர் விழுவார்கள். «மாறா அமுக்கம்» என்று கண்டவுடன் Cp-ஐ எடுத்து, nCpΔT-ஐ ΔU என்று எழுதிவிடுவார்கள். nCpΔT என்பது அந்தப் படியில் உள்ளே போன வெப்பம். அதில் ஒரு பகுதி முசலத்தைத் தள்ளுவதற்குப் போய்விடுகிறது, மிச்சம்தான் அகச்சக்தியில் சேர்கிறது. ΔU எந்தப் படியிலும் nCvΔT தான். அமுக்கம் மாறினாலும், மாறாவிட்டாலும், கனவளவு மாறினாலும் அதுவேதான். Cv-இல் உள்ள v-ஐப் பார்த்துவிட்டு, கனவளவு மாறாத படிக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம்.

வேலை: வளையியின் கீழ் உள்ள பரப்பு

இனி வரைபுத்தாளை எடுங்கள். V அச்சில் 1 சென்ரிமீற்றருக்கு 2 லீற்றர், P அச்சில் 1 சென்ரிமீற்றருக்கு 0.5 × 10^5 Pa. இரண்டு அச்சும் 16 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். இந்த அளவிடையில் தாளின் ஒரு சதுர சென்ரிமீற்றர் சரியாக 100 யூல். இரண்டு அச்சுகளும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த P அச்சை இடையில் தொடங்கினால் வளையியின் கீழே உள்ள பரப்பில் ஒரு துண்டு காணாமல் போகும், வேலை பிழைக்கும்.

A → B கிடைக்கோடு. அதன் கீழ் இருப்பது ஒரு செவ்வகம்: உயரம் 16 சென்ரிமீற்றர், அகலம் 1.5 சென்ரிமீற்றர், பரப்பு 24 சதுர சென்ரிமீற்றர். ஆகவே 2400 J. சமன்பாட்டிலும் அதே: ΔW = PΔV = 8 × 10^5 × 3 × 10^-3 = 2400 J. PΔV என்று நேரே பெருக்கலாமென்பது இந்தப் படிக்கு மட்டும்தான். அமுக்கம் மாறிக்கொண்டே போகும் மற்ற இரண்டிலும் எந்த P-ஐப் போடுவது? தொடக்க P-ஐப் போட்டாலும் பிழை, கடைசி P-ஐப் போட்டாலும் பிழை.

B → C-ஐ வரைய இடையில் இரண்டு புள்ளிகளாவது வேண்டும். கனவளவு இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் சேறலிலி அமுக்கம் 2^(5/3)-ஆல், ஏறத்தாழ 3.17-ஆல் குறைகிறது. ஆகவே 8 லீற்றரில் 2.52, 16 லீற்றரில் 0.79, 32 லீற்றரில் 0.25 (எல்லாம் 10^5 Pa-இல்). புள்ளிகளை மெல்லிய வளையியால் சேருங்கள். இந்தப் பரப்பைத் தனியாகக் கணக்கிட வேண்டிய தேவையே இல்லை. சேறலிலியில் ΔQ = 0. ஆகவே முதலாம் விதியே வேலையைத் தந்துவிடுகிறது:

0 = −3600 + ΔW
ΔW = 3600 J

வரைபில் சதுரங்களை எண்ணினால் 36 சதுர சென்ரிமீற்றருக்குக் கிட்ட வர வேண்டும். ஒருமுறையாவது உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பாதிக்குமேல் நிரம்பிய சதுரத்தை ஒன்றாகவும் மற்றதை விட்டும் எண்ணினால் போதும். வளையி வால்போல் நீண்டு V அச்சோடு ஒட்டிப் போகும் இடத்தில்தான் எண்ணிக்கை தளம்பும். அங்கே மட்டும் மில்லிமீற்றர்க் கட்டங்களை எண்ணுங்கள்.

C → A சமவெப்பம். PV = 800 J என்பதால் புள்ளிகள் எளிது: 1 லீற்றரில் 8, 2-இல் 4, 4-இல் 2, 8-இல் 1, 16-இல் 0.5, 32-இல் 0.25. இங்கே வேலை nRT ln(V₂/V₁). கணிப்பான் இல்லாமல் ln 32 எப்படி? வளையியை 1–2, 2–4, 4–8, 8–16, 16–32 என்று ஐந்து துண்டுகளாகப் பாருங்கள். ஒவ்வொரு துண்டிலும் அகலம் இரட்டிக்கிறது, உயரம் அரைவாசியாகிறது. ஆகவே ஐந்து துண்டுகளின் பரப்பும் சமம். கட்டையாக உயர்ந்து நிற்கும் முதல் துண்டும், தட்டையாக நீண்டு கிடக்கும் கடைசித் துண்டும் ஒரே வேலையைக் குறிக்கின்றன. ஒரு துண்டின் பரப்பு 800 × ln 2 = 800 × 0.693, ஏறத்தாழ 555 J. ஐந்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 2773 J.

இந்த 555 நம்பத்தக்கதா என்று பார்க்கவும் வழி உண்டு. முதல் துண்டில் அமுக்கம் 8-இலிருந்து 4-க்கு இறங்குகிறது. முழுவதும் 8 என்று எடுத்தால் 800 J, முழுவதும் 4 என்று எடுத்தால் 400 J. நேர்கோட்டால் சேர்த்தால் 600 J. வளையி நேர்கோட்டுக்குக் கீழே தொய்வதால் விடை 600-ஐவிடச் சற்றுக் குறைய வேண்டும். 555 பொருந்துகிறது.

C-இலிருந்து A-க்குப் போகும்போது வாயு நெருக்கப்படுகிறது. அதனால் ΔW = −2773 J.

கடைசியாக வெப்பம்

இனி ஒவ்வொரு படியிலும் இரண்டைக் கூட்டினால் மூன்றாவது வந்துவிடும்.

A → B: ΔQ = 3600 + 2400 = 6000 J
B → C: ΔQ = 0
C → A: ΔQ = 0 − 2773 = −2773 J

முதல் படியைப் பாருங்கள். உள்ளே போன 6000-இல் 3600 வாயுவைச் சூடாக்கியது, 2400 முசலத்தைத் தள்ளியது. ஓரணு வாயு மாறா அமுக்கத்தில் விரியும்போது இந்த 3 : 2 பங்கீடு எப்போதும் வரும். ஈரணு வாயுவானால் 5 : 2. விடையை விரைவாகச் சரிபார்க்க இது நல்ல குறுக்குவழி.

முழுச் சுற்றுக்கும் வேலை 2400 + 3600 − 2773 = 3227 J. முழுச் சுற்றுக்கும் வெப்பம் 6000 − 2773 = 3227 J. இரண்டும் ஒன்றே. வரைபில் இது மூன்று கோடுகளும் சூழ்ந்திருக்கும் பகுதியின் பரப்பு, சுமார் 32 சதுர சென்ரிமீற்றர். அம்புக்குறிகள் மணிக்கூட்டு முள் போகும் திசையில் சுற்றுவதால் தேறிய வேலை நேர். யாராவது அம்புகளைத் திருப்பிப் போட்டுக் கேட்டால் எண்கள் அப்படியே இருக்கும், எல்லாக் குறிகளும் மாறும்.

தேயிலைத் தொழிற்சாலைகளில் மின்சாரம் நின்றால் ஓடும் டீசல் ஜெனரேட்டருக்கும் இந்த வரைபோடு தொடர்புண்டு. டீசல் எஞ்சினின் இலட்சியச் சக்கரத்திலும் மாறா அமுக்க விரிவும் அதையடுத்துச் சேறலிலி விரிவும் இதே ஒழுங்கில் வரும். அதன்பின் அதன் பாதை வேறு.

«சேர், வெப்பம் வெளியே போகவில்லையே?»

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: «சேர், சேறலிலியில் வெப்பம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை. பிறகு எப்படி வெப்பநிலை 1200-இலிருந்து 300-க்கு இறங்கும்?»

மிக நல்ல கேள்வி. நாம் நாளாந்தம் ஒரு பொருள் ஆறுவதைக் காணும் இடமெல்லாம் வெப்பம் வெளியே போய்த்தான் ஆறுகிறது. அதனால் வெப்பம் போகாமல் குளிர்வது நடக்காத காரியம்போல் தோன்றும். ஆனால் வாயுவுக்குச் சக்தியை வெளியே விட இரண்டு வாசல்கள் உண்டு: ஒன்று வெப்பம், மற்றது வேலை. சேறலிலியில் முதல் வாசலைத்தான் பூட்டியிருக்கிறோம். முசலம் இன்னும் அசைகிறது. பின்வாங்கும் முசலத்தில் மோதித் திரும்பும் மூலக்கூறு, மோதப் போன கதியைவிடக் குறைந்த கதியோடுதான் திரும்பும். இப்படிக் கோடானுகோடி மோதல்களில் 3600 யூல் வெளியேறிவிடுகிறது.

சமவெப்பத்தில் நடப்பது இதன் மறுபக்கம். அங்கே வெப்பநிலை மாறவில்லை என்பதால் வெப்பம் போகவில்லை என்று எழுதுவார்கள். நமது கணக்கில் C → A-இல் 2773 யூல் வெப்பம் தொட்டிக்குள் போயிருக்கிறது. நெருக்கும்போது நாம் கொடுத்த வேலை அவ்வளவும் அப்படியே வெப்பமாக வெளியேறியதால்தான் வெப்பநிலை நிலையாக நின்றது. அதனால்தான் மெதுவாக நெருக்க வேண்டும், உருளையின் சுவர் மெல்லிய உலோகமாக இருக்க வேண்டும், சுற்றியிருக்கும் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். அவசரப்பட்டு நெருக்கினால் வெப்பம் வெளியேற நேரம் போதாது. புள்ளி சமவெப்ப வளையியை விட்டு மேலே விலகிப் போகும்.

இரண்டு வளையிகளில் எது எது?

வினாத்தாளில் பெயரிடாமல் இரண்டு வளையிகளைப் போட்டு எது சேறலிலி என்று கேட்பதுண்டு. இரண்டும் சந்திக்கும் புள்ளியில் செங்குத்தாக இறங்குவது சேறலிலி. சமவெப்பத்தின் படித்திறன் −P/V, சேறலிலியினது −γP/V. காரணம் நமது B புள்ளியிலேயே தெரியும். B-இலிருந்து 8 லீற்றருக்குச் சமவெப்பமாகப் போயிருந்தால் அமுக்கம் 8-இலிருந்து 4-க்கு இறங்கியிருக்கும். கனவளவு கூடியது மட்டுமே காரணம். சேறலிலியில் 2.52 வரை இறங்கிற்று. கனவளவும் கூடியது, வாயுவும் குளிர்ந்தது, இரண்டும் சேர்ந்து அமுக்கத்தைக் குறைத்தன.

«சந்திக்கும் புள்ளியில்» என்பதை விட்டுவிடாதீர்கள். நமது வரைபில் A-இலிருந்து இறங்கும் சமவெப்பம், P அச்சுக்கு அருகில், B-இலிருந்து இறங்கும் சேறலிலியைவிடச் செங்குத்தாகத் தெரியும். இரண்டும் வேறு வேறு கனவளவில் இருக்கும்போது படித்திறனை ஒப்பிட்டால் பிழையான பெயர்தான் வரும். நமது இரு வளையிகளும் சந்திப்பது C-இல். ஆனால் C-யில் இரண்டும் அச்சோடு ஒட்டிக் கிடப்பதால் கண்ணால் பிரிப்பது கஷ்டம்; அங்கே PV-ஐப் பாருங்கள். C-இலிருந்து இடப்பக்கம் நகரும்போது PV மாறாத வளையி சமவெப்பம், PV கூடிக்கொண்டு போவது சேறலிலி.

இன்னொரு எல்லையும் உண்டு. வரைபில் கோடு போடலாம் என்பதே, வாயு முழுவதும் ஒரே அமுக்கத்தில் இருந்துகொண்டு படிப்படியாக மாறினால்தான். வாயுவை வெற்றிடத்துக்குள் சட்டென்று திறந்துவிட்டால், உறை போட்டிருந்தாலும், B–C போன்ற சேறலிலி வளையியில் அது போகாது. தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் ΔW = 0, ΔQ = 0, ஆகவே ΔU = 0; இலட்சிய வாயுவின் வெப்பநிலை மாறாது. அதற்குத் தொடக்கப் புள்ளியையும் இறுதிப் புள்ளியையும் மட்டும் குறிக்கலாம். இடையில் கோடு இல்லை, பரப்பும் இல்லை.

மலையில் உள்ள பாடசாலைகளுக்கு ஒரு குறிப்பு

வரைபில் போடும் P எப்போதும் முழு அமுக்கம். டயருக்குக் காற்றடிக்கும் மானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலதிகமான அமுக்கத்தை மட்டும்தான். இங்கே கூட்ட வேண்டிய வளிமண்டல அமுக்கமும் 10^5 Pa அல்ல. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அமுக்கம் சுமார் 0.8 × 10^5 Pa. இரச நிரலில் சொன்னால் 76 சென்ரிமீற்றர் அல்ல, 61 சென்ரிமீற்றருக்குக் கிட்ட. ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் இரச நிரலால் காற்றை அடைத்து அமுக்கத்தையும் நீளத்தையும் அளக்கும் செய்முறையில், பழக்கதோஷத்தால் 76 என்று போட்டால் PV மாறிலியாக வராது. ஆய்வுகூடத்தின் பாரமானியில் வாசித்ததையே போடுங்கள்.

மலையேறும் காற்றும் இதே கணக்குத்தான்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது, காற்றுத்திணிவு ஒன்று 1.0 × 10^5 Pa-இலிருந்து 0.8 × 10^5 Pa-க்கு வருகிறது. அமுக்கம் குறைவதால் விரிகிறது. காற்று வெப்பத்தை அரிதிற் கடத்தும், திணிவும் பெரியது. ஆகவே ஏறும் நேரத்துக்குள் சுற்றாடலோடு குறிப்பிடத்தக்க வெப்பம் மாறாது. சேறலிலியாக எடுக்கலாம். காற்று பெரும்பாலும் ஈரணு வாயுக்களால் ஆனது; γ = 7/5. அமுக்கம் தெரிந்திருக்கும்போது வசதியான வடிவம் இது:

T₂ = T₁ (P₂/P₁)^((γ−1)/γ)

அடுக்கு 2/7. 0.8^(2/7) ஏறத்தாழ 0.938. கரையோரத்தில் 300 K-இல், அதாவது 27 °C-இல் புறப்பட்டால், மேலே 281.5 K. கிட்டத்தட்ட 18.5 பாகை இறக்கம். ஒரு மூலுக்கு ΔU = (5/2) × 8.31 × (−18.5), ஏறத்தாழ −385 J. ΔQ = 0 என்பதால் அந்த 385 யூலும் சுற்றியிருந்த காற்றை ஒதுக்கித் தள்ளியதில் போய்விட்டது.

இந்தக் கணக்குப்படி நுவரெலியாவுக்கு வரும் காற்று 8 °C-இல் இருக்க வேண்டும். பருவக்காற்றுக் காலத்தில் அங்கே அவ்வளவு குளிர் இல்லை. கணக்கு பிழையில்லை; நாம் எடுத்த «ΔQ = 0» இடைவழியில் செல்லாமல் போகிறது. காற்றில் உள்ள நீராவி ஒடுங்கி மழையாகும்போது மறைவெப்பம் வெளிப்பட்டு அந்தக் காற்றுக்கே சேர்கிறது. கினிகத்தேன, வட்டவளைப் பக்கத்தில் கொட்டும் மழைதான் இந்த வெப்பம் வந்த இடம். முகில் தோன்றும் மட்டத்துக்கு மேலே புள்ளி உலர் சேறலிலி வளையியை விட்டு விலகி, அதைவிடச் சாய்வு குறைந்த பாதையில் போகும்.

மேலே வந்து சேரும்போது 15 °C, அதாவது 288 K என்று வைத்துக்கொள்வோம். மழையாகப் போன நீர் மேற்குச் சரிவிலேயே தங்கிவிட்டது. இனிக் காற்று மலைக்கு அப்பால் வெலிமடை, பண்டாரவளைப் பக்கமாக இறங்கிக் கிழக்குக் கரைக்குப் போகிறது. இப்போது ஆவியாகக் கூடிய நீர்த்துளிகள் இல்லை. ஆகவே இறங்கும் வழி முழுவதும் உலர் சேறலிலி நெருக்கம்; ΔQ = 0 என்பது இங்கே நன்றாகவே பொருந்தும். 1.0 × 10^5 Pa-க்கு இறங்கும்போது வெப்பநிலை 288 ÷ 0.938, ஏறத்தாழ 307 K. அதாவது 34 °C. புறப்பட்டபோது 27.

P-V வரைபில் போட்டால், புறப்பட்ட புள்ளியும் வந்து சேர்ந்த புள்ளியும் ஒரே கிடைக்கோட்டில், ஒரே அமுக்கத்தில் இருக்கும். இரண்டாவது புள்ளி 307/300 என்ற விகிதத்தில் வலப்பக்கம் தள்ளி நிற்கும். அந்த 7 பாகையும் மேற்குச் சரிவில் விழுந்த மழை விட்டுச்சென்ற மறைவெப்பம். மட்டக்களப்பில் இதே காலத்தில் வீசும் சூடான, வறண்ட கச்சான் காற்றுக்கு இதுதான் காரணம்.